மின்வெட்டுக்குப் பிறகு உடைந்த பல்: கலவைத் தொட்டி ஒன்றுக்கு கியர் மோட்டர் தெரிவு செய்ததில் நடந்த பிழை – நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிப் பக்கமாகப் போகும் வழியில் உள்ள ஒரு சிறிய தொழிற்கூடம் இது. சுவருக்குப் பூசும் வெள்ளை அடிப்பூச்சு தயாரிக்கிறார்கள். கல்சியம் காபனேற்றுத் தூள், தண்ணீர், பசை ஆகிய மூன்றையும் ஒரு தொட்டியில் போட்டுக் கலக்குவதுதான் முக்கிய வேலை. தொட்டியின் விட்டம் 1.6 மீற்றர், கலவை நிற்கும் உயரமும் ஏறக்குறைய அதேயளவு. ஒரு தடவைக்கு சுமார் 3,200 லீற்றர் கலக்கலாம். எடையில் 45 சதவீதம் தூள் என்பதால் கலவையின் அடர்த்தி கன மீற்றருக்கு 1,400 கிலோ அளவில் வரும். மேலிருந்து இறங்கும் சாஃப்ட்டின் அடியில், 45 பாகை சரிந்த நான்கு தகடுகள் கொண்ட கலக்கி. அதன் விட்டம் 70 சென்ரிமீற்றர், தொட்டியின் அடியிலிருந்து 35 சென்ரிமீற்றர் உயரத்தில் நிற்கிறது.

2021 வரைக்கும் இந்தக் கலக்கியை ஓட்டியது பெல்ட் போட்ட ஒரு பழைய வோர்ம் கியர்பொக்ஸ். பதினோரு வருடம் ஓடியது. பெல்ட் அடிக்கடி தேய்ந்தது, கியர்பொக்ஸ் ஓயில் கசிந்தது. அதனால் 2021 நடுப்பகுதியில் முதலாளி அதை அகற்றிவிட்டு, நேரடியாகப் பூட்டும் புதிய ஹெலிக்கல் கியர் மோட்டர் ஒன்றை வாங்கினார். 1.5 கிலோவாற், வெளிச் சாஃப்ட் நிமிடத்துக்கு 90 சுற்று. அப்போது நான் அந்த வேலையில் இல்லை. கியர் உடைந்த பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

கொள்வனவுக்கு அனுப்பிய கடிதத்தைப் பார்த்தேன். அதில் இருந்தது மூன்றே விடயம்: 1.5 கிலோவாற், 90 சுற்று, "தண்ணீர்ப் பெயின்ற் கலக்குவதற்கு, ஒரு நாளைக்கு 8 மணி நேரம்". தூள் எவ்வளவு, நின்றால் அடியில் படியுமா, எப்படி ஸ்டார்ட் பண்ணுகிறார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. விற்பனை நிறுவனமும் கேட்கவில்லை.

எதை வாங்கினார்கள்

கியர் மோட்டரின் பெயர்த்தகட்டில் fB = 1.1 என்று இருந்தது. இதைத்தான் சேர்விஸ் ஃபெக்டர், அதாவது சேவைக் காரணி என்கிறோம். கியர்பொக்ஸ் தொடர்ந்து தாங்கக்கூடிய முறுக்குவிசையை, மோட்டர் தன் முழுத் திறனில் கொடுக்கும் முறுக்குவிசையால் பிரித்தால் வரும் எண் அது. மோட்டர் கொடுப்பதைக் கணக்கிடுவது எளிது:

```
T = 9550 × P / n
T = 9550 × 1.5 / 90 = 159 Nm
```

கியர்பொக்ஸ் தாங்கக்கூடியது 175 Nm. 175 ஐ 159 ஆல் பிரித்தால் 1.1.

எவ்வளவு காரணி வேண்டும் என்பதற்கு கட்டலொக்குகளில் அட்டவணை உண்டு. ஏ.ஜி.எம்.ஏ. எனப்படும் அமெரிக்க கியர் உற்பத்தியாளர் சங்கத்தின் அட்டவணையில் கலக்கிக்கென்று தனித்தனி வரிகள் இருக்கின்றன. தூய திரவம் சீரான சுமை வகுப்பில் வரும். அதற்கு நாளுக்கு 10 மணி நேரம் வரை 1.0 போதும், அதற்கு மேல் ஓடினால் 1.25. திரவத்தோடு திண்மத் துகள் சேர்ந்திருந்தாலோ அடர்த்தி மாறிக்கொண்டிருந்தாலோ அது மிதமான அதிர்ச்சிச் சுமை. அப்போது 10 மணி நேரம் வரை 1.25, அதற்கு மேல் 1.5.

"தண்ணீர்ப் பெயின்ற், 8 மணி நேரம்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு விற்பனை நிறுவனம் தூய திரவ வரியைப் பார்த்திருக்கிறது. அந்த வரிக்கு 1.1 தாராளம். ஆனால் தொட்டியில் இருப்பது பாதிக்குக் கொஞ்சம் குறையத் தூள். வேலை கூடிய மாதங்களில் தொட்டி ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடியது. சரியான வரி 1.5. அப்படியென்றால் 159 × 1.5, ஏறக்குறைய 240 Nm தாங்கும் கியர்பொக்ஸ் வாங்கியிருக்க வேண்டும்.

இதுவே முழுக் காரணம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, இது பாதிக் காரணம்.

2022 மார்ச்: முதல் அறிகுறிகள்

2022 பெப்ரவரி கடைசியிலிருந்து நாடு முழுக்க நேர அட்டவணைப்படி மின்வெட்டு. மார்ச் இறுதியில் அது ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரைக்கும் போனது. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை. தொட்டியில் கலந்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போகும், கலக்கி நிற்கும், தூள் அடியில் இறங்கத் தொடங்கும்.

இரவு வேலை பார்த்த தம்பி ஒருவர் எனக்குச் சொன்னது: "கரண்ட் வந்த உடன 'டக்' எண்டு ஒரு சத்தம் கேக்கும் அண்ணா. லைற் எல்லாம் ஒருக்கா மங்கும். பிறகுதான் சுத்தும்."

"நீங்கள் போய் ஸ்டார்ட் பண்ணுவீங்களா?"

"இல்லை அண்ணா, அது தானாச் சுத்தும்."

மோட்டரின் மின் பலகையைத் திறந்து பார்த்தேன். ஸ்டார்ட், ஸ்டொப் பட்டன்களுக்குப் பதிலாக ஒரு திருகு சுவிட்ச். 'ஒன்' பக்கம் திருப்பினால் அங்கேயே நிற்கும். கரண்ட் போய் வந்தால் மோட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் காந்தச் சுவிட்சான கொண்டாக்டர் தானாக இழுக்கும், மோட்டர் நேரடியாக 400 வோல்ட்டில் ஸ்டார்ட் ஆகும். அதாவது ஐந்து மணி நேரம் படிந்த சேற்றுக்குள் தகடுகள் புதைந்து கிடக்கும்போது, யாரும் பார்க்காத வேளையில், மோட்டர் முழுப் பலத்தோடு உதைத்திருக்கிறது. மின்வெட்டுக்கு முன்னர் ஒரு நாளைக்கு இரண்டு ஸ்டார்ட், அதுவும் தண்ணீர் மட்டும் இருக்கும்போது. மின்வெட்டு நாட்களில் நான்கு, ஐந்து ஸ்டார்ட், எல்லாம் படிந்த கலவையில்.

ஏப்ரல் முதல் வாரம் கியர்பொக்ஸிலிருந்து தாளத்தோடு ஒரு தட்டல் சத்தம் வந்தது. இரண்டு நாளில் மோட்டர் சுற்றியது, கலக்கி சுற்றவில்லை.

திறந்து பார்த்தபோது

வெளிச் சாஃப்ட்டைச் சுற்றும் கடைசிச் சோடிக் கியரில் சின்னதான பினியனில் இரண்டு பல் முழுதாகவும் ஒன்று மூலையிலும் உடைந்திருந்தன. இப்படியான நேரத்தில் உடைந்த முகத்தைத் துடைத்து நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாட்கணக்கில் களைப்படைந்து உடைந்த பல்லில், கடற்கரை மணலில் அலை விட்டுப்போன கோடுகள் மாதிரி வளைந்த வரிகள் தெரியும். இதில் அந்த வரிகள் இல்லை. முகம் முழுக்கச் சொரசொரப்பாக, சீனி உடைந்த மாதிரி மினுங்கியது. ஒரு சில உதைகளில் உடைந்த பல் என்பதற்கு அது அடையாளம். மற்றப் பற்களின் பக்கங்களில் குழி விழவில்லை, பளபளப்பாகவே இருந்தன. தொடர்ந்து ஓடியதில் சுமை கூடியிருந்தால் முதலில் அங்கேதான் குழி விழுந்திருக்கும்.

இன்னொன்று, வெளிச் சாஃப்ட்டின் சாவி, அதாவது சாஃப்ட்டையும் கப்ளிங்கையும் சேர்த்துப் பூட்டும் இரும்புத் துண்டு. அதன் ஒரு பக்க விளிம்பு அடித்து நசுங்கி உருண்டிருந்தது. சாவி உட்காரும் பள்ளமும் அரை மில்லிமீற்றர் விரிந்திருந்தது. கப்ளிங்கைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் 'கிளிக்' என்று ஆடியது. அந்த இடைவெளி ஒவ்வொரு ஸ்டார்ட்டிலும் சுத்தியல் அடியாக மாறுகிறது: மோட்டர் முதலில் வெறுமனே வேகம் எடுக்கும், இடைவெளி மூடும் நொடியில் அவ்வளவும் பல்லில் இறங்கும்.

மறுநாள் பழைய கலவை இருந்த தொட்டியில் ஒரு தடியை இறக்கிப் பார்த்தேன். அடியிலிருந்து 40 சென்ரிமீற்றரில் தடி கெட்டியாகத் தட்டியது. கலக்கி நிற்பது 35 சென்ரிமீற்றரில்.

விற்பனை நிறுவனத்தின் வாதம்

அவர்களுடைய பொறியியலாளரோடு தொலைபேசியில் பேசினேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், கணக்கும் வைத்திருந்தார்.

"சேர், உங்கட கலக்கி உண்மையில எடுக்கிறது 1 கிலோவாற் அளவுதான். அதுக்கு முறுக்குவிசை 109. எங்கட கியர் 175 தாங்கும். பிரிச்சுப் பாருங்கோ, 1.6 வருது. மிதமான அதிர்ச்சி எண்டு வைச்சாலும் 1.5 தானே வேணும்?"

அவருடைய 109 பிழையில்லை. நானும் கணக்கிட்டுப் பார்த்தேன். Np என்பது இந்த வடிவக் கலக்கிக்கான திறன் எண், ρ அடர்த்தி, N செக்கனுக்குச் சுற்று, D கலக்கியின் விட்டம்:

```
P = Np × ρ × N³ × D⁵
P = 1.3 × 1400 × 1.5³ × 0.7⁵ ≈ 1030 W
T = 9550 × 1.03 / 90 ≈ 109 Nm
```

உடைவதற்கு முன்னர் அங்குள்ள மின்தொழிலாளி கிளாம்ப் மீற்றரில் 2.6 அம்பியர் பார்த்து எழுதி வைத்திருந்தார். மோட்டரின் முழுச் சுமை 3.5. அதுவும் இந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறது. நன்றாகக் கலந்து ஓடும்போது கியர்பொக்ஸ் சுகமாகத்தான் இருந்திருக்கிறது. பற்களின் பக்கங்கள் பளபளப்பாக இருந்ததற்கும் அதுதான் காரணம்.

அவருடைய வாதம் விழும் இடம் ஸ்டார்ட். தகடுகள் சேற்றில் மாட்டிக்கொண்டு அசைய மறுக்கும்போது, கியர்பொக்ஸ் வழியாகப் போவது கலக்கிக்குத் தேவையான 109 இல்லை, மோட்டரால் தள்ள முடிந்த அளவு. இந்த மோட்டரின் ஸ்டார்ட் முறுக்குவிசை முழுச் சுமையின் 2.6 மடங்கு என்று கட்டலொக்கில் இருக்கிறது. 159 × 2.6, ஏறக்குறைய 410 Nm. இப்படியான கியர்பொக்ஸ்கள் பொதுவாக ஒரு கணத்துக்குத் தங்கள் மதிப்பில் இரண்டு மடங்கு தாங்கும்படி செய்யப்படுகின்றன. இங்கே அது 350. மேலே சொன்ன இடைவெளியின் அடியைச் சேர்க்காமலே எல்லை தாண்டிவிட்டது.

அதனால்தான் நான் சொல்வது: சுமை மோட்டரை முழுதாக நிறுத்தி வைக்கக்கூடிய இயந்திரத்தில், சேவைக் காரணியை மோட்டரின் திறனை வைத்துத்தான் பார்க்க வேண்டும். கலக்கி எடுக்கும் திறனை வைத்துப் பார்க்கக் கூடாது. மோட்டரை அளவுக்கு மேல் பெரிதாகப் போட்டால் இந்தச் சிக்கல் இன்னும் கூடும். "எதற்கும் ஒரு 2.2 போடுவோம்" என்று மோட்டரை மட்டும் மாற்றியிருந்தால் பல் இன்னும் முதலே போயிருக்கும்.

ஐரோப்பியக் கட்டலொக்குகள் சில அதிர்ச்சி வகுப்பை வேறு விதமாகப் பார்க்கின்றன. வெளியே சுற்றும் பொருளின் சடத்துவத்தை மோட்டர் பக்கத்துக்கு மாற்றி, மோட்டரின் சடத்துவத்தால் பிரிப்பார்கள். 0.2 வரை சீரான வகுப்பு, 3 வரை மிதமானது, 10 வரை கனமானது. இந்தக் கலக்கிக்கு எனக்கு 0.4 அளவில் வந்தது, அதாவது மிதமான வகுப்பு. ஆனால் படிந்த சேறு ஒரு சடத்துவம் இல்லை, அது ஒரு தடை. இந்த விகிதத்தில் அது வரவே வராது. மணிக்கு எத்தனை ஸ்டார்ட் என்று கேட்கும் அட்டவணையிலும் நாளுக்கு ஐந்து ஸ்டார்ட் ஒன்றுமேயில்லை. எந்த அட்டவணையைப் பார்த்தாலும் இந்தத் தொட்டி சாதுவாகத்தான் தெரியும். ஸ்டார்ட் நடக்கும் விதத்தை ஆள் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

பெல்ட் போட்ட பழைய கியர்பொக்ஸ் பதினோரு வருடம் எப்படித் தாங்கியது என்பதற்கும் விடை இங்கேதான். கலக்கி அசையாவிட்டால் பெல்ட் வழுக்கும். முதலாளி குறையென்று நினைத்த அந்த வழுக்கல்தான் கியருக்குப் பாதுகாப்பாக இருந்தது. நேரடி கியர் மோட்டரில் வழுக்க ஒன்றுமில்லை. ஓவர்லோட் ரிலே மோட்டரின் சுருளைக் காப்பாற்றும், பல்லைக் காப்பாற்றாது. அது விழச் சில செக்கன் எடுக்கும். பல் அதற்கு எவ்வளவோ முன்னர் உடைந்துவிடும்.

முதல் முடிவு, அது தவறிய விதம்

2022 ஏப்ரலில் புதுக் கியர்பொக்ஸ் கேட்டால், டொலர் இல்லை, எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். தொழிற்கூடம் நின்றால் எட்டுப் பேருக்கு வேலை இல்லை. அதனால் நகரில் ஒரு லேத் பட்டறையில் பினியனை வெட்டிப் போட்டோம். அளவில் நன்றாகத்தான் வெட்டினார்கள். ஆனால் மேற்பரப்பைக் கடினப்படுத்த வசதி இல்லை. அந்தப் பினியன் 19 நாள் ஓடியது. இந்த முடிவை எடுத்தது நான். திருகு சுவிட்சை மாற்றாமல் பினியனை மட்டும் மாற்றியதுதான் என் பெரிய பிழை. கடினமான பல்லையே உடைத்த ஸ்டார்ட்டை மென்மையான பல்லுக்குக் கொடுத்தோம்.

இரண்டாவது முடிவு

இந்த முறை ஸ்டார்ட்டிலிருந்து தொடங்கினோம்.

மின்தொழிலாளி ஸ்டார்-டெல்ற்றா போடலாம் என்றார்: சுருளை முதலில் ஸ்டார் இணைப்பில் மெதுவாகத் தொடக்கி, பிறகு டெல்ற்றாவுக்கு மாற்றும் ஸ்டார்ட்டர். பெயர்த்தகட்டைக் காட்டினேன்: 230/400 வோல்ட், டெல்ற்றா/ஸ்டார். நம் 400 வோல்ட் இணைப்பில் இந்த மோட்டர் ஸ்டாரில்தான் ஓட வேண்டும். டெல்ற்றாவுக்கு மாறினால் சுருள் எரியும். சுருள் பொருத்தமாக இருந்தாலும் ஸ்டாரில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு முறுக்குவிசை. படிந்த தொட்டியில் கலக்கி அசையாது, டெல்ற்றாவுக்கு மாறும் நொடியில் அதே உதை விழும்.

ஆகவே வி.எஃப்.டி., அதாவது மின்சாரத்தின் ஹேர்ட்ஸை மாற்றி மோட்டரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்று போடுவதென்று முடிவு. கியர்பொக்ஸுக்கு கொழும்பில் பாவித்த பொருள் விற்கும் இடங்களில் தேடி, ஒரு சைஸ் பெரிய ஹெலிக்கல் ஒன்றை எடுத்தோம். திறந்து பற்களையும் பெயரிங்கையும் பார்த்த பிறகே காசு கொடுத்தோம். அது தாங்குவது 300 Nm. விகிதம் கொஞ்சம் வேறு, 50 ஹேர்ட்ஸில் 83 சுற்று. 1.5 கிலோவாற்றுக்கு 83 சுற்றில் 173 Nm, காரணி 1.7.

83 சுற்றில் தூள் முழுதாக எழும்பவில்லை. வேகம் எட்டு சதவீதம் குறைந்தால், திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப இறங்குவதால், கலக்கும் திறன் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வி.எஃப்.டி.யை 54 ஹேர்ட்ஸில் விட்டு 90 சுற்றுக்குக் கொண்டுவந்தோம்.

வி.எஃப்.டி.யில் முக்கியமான அமைப்பு முறுக்குவிசை எல்லை. மோட்டர் மதிப்பின் 150 சதவீதத்தில் வைத்தோம். 173 × 1.5, 260 Nm. கியர்பொக்ஸின் தொடர் மதிப்பான 300 ஐ எந்த நொடியிலும் தாண்டாது. வேகம் எடுக்கும் நேரம் 12 செக்கன். கரண்ட் வந்ததும் தானாக ஓடும் வசதியை நிறுத்திவிட்டு, திருகு சுவிட்சைக் கழற்றி பட்டன் போட்டோம்.

முதல் நாளே ஓவர்லோட் காட்டி நின்றது. சாதாரண வோல்ட்-ஹேர்ட்ஸ் முறையில் விட்டிருந்ததால், மெதுவான வேகத்தில் மோட்டருக்குப் பலம் வரவில்லை. மோட்டரை ஓட்டோ-டியூன் பண்ணி, மெதுவான வேகத்திலும் முறுக்குவிசை கொடுக்கும் வெக்டர் முறைக்கு மாற்றிய பிறகு சரியாயிற்று. அதற்குப் பிறகும் நீண்ட மின்வெட்டு நாட்களில் எல்லையைத் தொட்டு நின்றதுண்டு. அப்போது ஆட்கள் எல்லையைக் கூட்டவில்லை. நீளமான குழாயில் காற்றை அடிவரைக்கும் விட்டுச் சேற்றைக் கிளறி, அழுத்தும் வரைக்கும் மட்டும் ஓடும் ஜொக் பட்டனில் முன்னும் பின்னும் அசைத்து, பிறகு ஸ்டார்ட் பண்ணினார்கள். கால் மணி நேர வேலை.

பிறகு நடந்தது

2022 ஜூனில் பூட்டியதை 2023 செப்ரெம்பரில் ஓயில் மாற்றும்போது பார்த்தேன். காந்த அடைப்பில் மெல்லிய கருமை மட்டும், துகள் இல்லை. சாவி இறுக்கமாக இருந்தது. அந்த 'டக்' சத்தம் ஒருநாளும் திரும்ப வரவில்லை என்று அதே தம்பி சொன்னார்.

மறுபடி செய்தால்

கொள்வனவுக் கடிதத்தில் இந்தத் தடவை எழுதச் சொன்னவை இவை: தூளின் சதவீதம், கலவையின் அடர்த்தி, கலக்கியின் அளவும் வேகமும், உண்மையாக ஓடும் மணி நேரம், கலவை நிரம்பிப் படிந்து கிடக்கும்போது ஸ்டார்ட் பண்ண வேண்டி வருமா என்பது, ஸ்டார்ட்டர் எந்த வகை. விலைமனுவில் fB எவ்வளவு என்றும், அது மோட்டரின் திறனுக்கா கலக்கி எடுக்கும் திறனுக்கா என்றும் எழுதிக் கேட்க வேண்டும். நேரடி ஸ்டார்ட்டில்தான் ஓட்டியாக வேண்டும், படியும் கலவை என்றால் நான் 2.0 க்குக் கீழே வாங்கமாட்டேன். இது அட்டவணை கேட்பதை விடக் கூட. இந்தப் பினியனைக் கையில் வைத்துப் பார்த்த பிறகு எடுத்த முடிவு.

ஒரு விடயம் இன்னும் மிச்சம் இருக்கிறது. சேவைக் காரணி முறுக்குவிசைக்கு மட்டும். தொங்கும் நீளச் சாஃப்ட் பக்கவாட்டில் வளைத்து இழுப்பதை அது காட்டாது. புதுக் கியர்பொக்ஸ் பூட்டியபோது சாஃப்ட்டின் கீழ் முனையைக் கையால் சுற்றி டயல் கேஜில் பார்த்தோம்: 1.8 மில்லிமீற்றர் ஆட்டம். வெளிப்பக்க ஓயில் சீல் ஒன்று ஏற்கெனவே ஈரமாகத் தொடங்கிவிட்டது. சாஃப்ட்டைக் கழற்றி நேராக்கும் வேலையை அடுத்த நிறுத்தத்துக்கு எழுதி வைத்திருக்கிறோம்.